‘ஆல்’ வேறு, ‘ஆக’ வேறு

ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் தாபனக் கிளையில் எட்டு மாதமாக முகாமைத்துவ சேவை உத்தியோகத்தராக இருக்கிறேன். கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தால், ‘எப்போதிருந்து, யாருக்கு, என்ன மாற்றம்’ என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி நிர்வாக உத்தியோகத்தர் கேட்பார். தமிழ்ப் பிரதியை வாசித்தால் ஒரு மாதிரி விளங்குகிறது, ஆங்கிலப் பிரதியை வாசித்தால் வேறு மாதிரி விளங்குகிறது. போன முறை நான் எழுதிய திகதி பிழைத்து, ஓய்வுபெற்ற ஒருவருக்கு நிலுவை போகாமல் நின்றுவிட்டது. எந்தப் பிரதியை நம்புவது? எங்கிருந்து தொடங்குவது?
— வடமராட்சி வாசகி

பிள்ளை, ஒரு பிரதியை மட்டும் நம்புகிற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே விபத்தைப் பார்த்த இரண்டு சாட்சிகளைப் பொலிசார் எப்படி விசாரிப்பார்களோ, அப்படித்தான் இரண்டு பிரதிகளையும் விசாரிக்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கேட்டுப் பார்ப்பது, இருவரும் ஒத்துப்போகும் இடத்தைக் குறித்துக்கொள்வது, முரண்படும் இடத்தில் நின்று யோசிப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலப் பிரதியை மட்டும் வாசித்துவிட்டுத் தமிழ்ப் பிரதியைக் கோவையில் கட்டிவிடுவேன். ஆங்கிலம்தான் மூலம் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அது பிழை. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றுதான் சொன்னது. அதோடு, என் கைக்கு வந்த சுற்றறிக்கைகளில் பெரும்பாலானவை சிங்களத்தில் வரையப்பட்டு மற்ற இரண்டு மொழிகளுக்கும் பெயர்க்கப்பட்டவை. ஆகவே உங்கள் மேசையில் கிடப்பவை இரண்டுமே மொழிபெயர்ப்புகளாக இருக்கலாம். மூன்றாவது பிரதி ஒன்று இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கடைசியில் அது தேவைப்படும்.

விளக்குவதற்கு ஒரு மாதிரிச் சுற்றறிக்கையை நானே எழுதிக்கொள்கிறேன். இது எந்த அமைச்சும் வெளியிட்டது அல்ல; ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் ஏதோ ஒரு வடிவத்தில் என் கைக்கு வந்ததுதான்.

களக் கடமைக் கொடுப்பனவு பற்றியது என்று வைத்துக்கொள்வோம். கடிதத் தலைப்பில் 2025.03.18 என்று திகதி. இதுவரை மாதம் 1,500 ரூபா கொடுக்கப்பட்டு வந்தது என்று முதலாம் பந்தி சொல்கிறது. இரண்டாம் பந்தி யாருக்கு, எவ்வளவு என்கிறது. தமிழில் அது இப்படி இருக்கிறது: “180 நாள் தொடர்ச்சியான சேவையைப் பூர்த்தி செய்த நிரந்தர, தற்காலிக, அமைய உத்தியோகத்தர்களுக்கு வழங்கப்படும் மாதாந்தக் கொடுப்பனவு 2,000 ரூபாவினால் அதிகரிக்கப்படும்.” மூன்றாம் பந்தி, இது 2025.01.01 முதல் நடைமுறைக்கு வரும் என்கிறது. நான்காம் பந்தி, வேறொரு சுற்றறிக்கையின் கீழ் ஏற்கெனவே களக் கொடுப்பனவு பெறுபவர்களை விலக்குகிறது. ஐந்தாம் பந்தி, 2025 ஏப்ரல் மாதச் சம்பளத்துடன் புதிய தொகை கொடுக்கப்படும் என்றும், ஏற்கெனவே கொடுப்பனவு பெற்றுவருபவர்களுக்குச் சனவரி முதல் மார்ச் வரையான நிலுவையாக 6,000 ரூபா பின்னர் கொடுக்கப்படும் என்றும் சொல்கிறது.

ஆங்கிலப் பிரதி மூன்று இடத்தில் வேறுபடுகிறது. தொகை 2,000 ரூபா‘வாக’ அதிகரிக்கப்படும் என்று பொருள்படுகிறது. 180 நாள் நிபந்தனை வசனத்தின் வாலில் நிற்கிறது. அந்த நிபந்தனையோடு, தமிழில் இல்லாத ஒரு துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: “2025.01.01 அன்று உள்ளவாறு”.

உங்களைக் கவிழ்த்தது திகதிதான் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஒரு தாளிலேயே மூன்று திகதிகள் இருக்கின்றன. மார்ச் 18, அது எழுதப்பட்ட நாள். சனவரி 1, உரித்துப் பிறக்கும் நாள். ஏப்ரல் சம்பளம், காசு கைக்கு வரத் தொடங்கும் நேரம். உங்கள் சுருக்கத்தில் ‘எப்போதிருந்து’ என்று ஒரே ஒரு கூடு இருந்தால், அதில் ஏப்ரலை எழுத மனம் இழுக்கும். ஏனென்றால் சம்பளப் பட்டியல் தயாரிக்கிறவர் உங்களிடம் கேட்கப்போவது அதைத்தான். ஏப்ரலை எழுதியதும் சனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வேலையை விட்டுப் போனவர்கள் எல்லாரும் பக்கத்திலிருந்து மறைந்துவிடுவார்கள். உங்களுடைய ஓய்வுபெற்றவரும் இப்படித்தான் மறைந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2025.02.10 வரை வேலை செய்துவிட்டு ஓய்வுபெற்றார். உரித்து சனவரி 1 முதல் என்பதால், கூட்டிய தொகை மாதம் 2,000 என்ற வாசிப்பின்படி, சனவரிக்கு முழு 2,000 ரூபாவும் பெப்ரவரியில் 28 நாளில் 10 நாளுக்கு 714 ரூபா 29 சதமும் அவருக்குச் சேரும். மொத்தம் 2,714 ரூபா 29 சதம். சிறிய காசுதான். ஆனால் அவர் இப்போது உங்கள் சம்பளப் பட்டியலில் இல்லை. கணினி தானாக நினைவுபடுத்தாது. யாராவது அவர் சுயவிபரக் கோவையை எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. ஆகவே உங்கள் பக்கத்தில் மூன்று திகதிகளுக்கும் மூன்று வரி ஒதுக்குங்கள்: எழுதிய நாள், உரித்து நாள், கொடுக்கும் மாதம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பந்தி இலக்கத்தைப் போடுங்கள். பந்தி இலக்கம் போட முடியாத திகதி, நீங்கள் ஊகித்த திகதி.

உரித்து நாள் ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் சம்பளத் திருத்தத்தை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்களைக் கேளுங்கள். பொது நிருவாகச் சுற்றறிக்கை 03/2016இன் திகதி 2016.02.25, அது நடைமுறைக்கு வந்தது 2016.01.01, அது சொன்ன சம்பளம் முழுமையாக வந்து சேர்ந்தது 2020.01.01. இடையில் ஒவ்வொரு சனவரியும் ஒரு படி. 2025இன் திருத்தமும் அப்படித்தான் கட்டப்பட்டது. தேறிய உயர்விலிருந்து 5,000 ரூபாவும் மீதியில் 30 சதவீதமும் 2025 ஏப்ரலில், எஞ்சிய 70 சதவீதம் 2026 சனவரியிலும் 2027 சனவரியிலும் சமமாக. இப்படிப் படிபடியாக வரும் சுற்றறிக்கையைச் சுருக்கும்போது ‘2025.04.01 முதல்’ என்று எழுதிவிட்டுக் கோவையை மூடினால், அடுத்த சனவரியில் அதை மீண்டும் திறக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. படிகள் இருந்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி எழுதி, அலுவலக நாட்காட்டியிலும் குறித்துவிடுங்கள்.

இடையில் ஒரு சின்ன விடயம். சில பிரதிகளில் திகதி ஆண்டு முன்னால் வர எழுதப்பட்டிருக்கும், சிலவற்றில் நாள் முன்னால் வரும். உங்கள் குறிப்பில் எப்போதும் ஆண்டை முன்னால் எழுதுங்கள். புள்ளி வைத்து எழுதும் திகதிகளை எக்செல் பல கணினிகளில் வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆண்டு முன்னால் இருந்தால், வெறும் எழுத்தாக அடுக்கினாலும் வரிசை பிழைக்காது. நாள் முன்னால் இருந்தால் 01.12.2024 என்பது 02.01.2024க்கு மேலே போய்க் குந்திவிடும்.

தமிழ்ப் பிரதி பாமினி எழுத்துருவில் இருந்தால் ‘திகதி’ என்று தேடி ஒன்றும் கிடைக்காது. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். ஆனால் இலக்கங்கள் இலக்கங்களாகவே இருக்கும். ‘2025’ என்று தேடுங்கள், எல்லாத் திகதியும் அகப்படும். வருடிய படமாக வந்தால் அதுவும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான்.

இனி ஆட்கள். இங்கேதான் இரண்டு மொழிகளும் தம் குணத்தைக் காட்டும். தமிழில் ஒருவரைப் பற்றிய நிபந்தனை பெயருக்கு முன்னால் வரும். ‘180 நாள் சேவையைப் பூர்த்தி செய்த நிரந்தர, தற்காலிக, அமைய உத்தியோகத்தர்கள்’ என்றால், அந்தப் ‘பூர்த்தி செய்த’ எதுவரை கையை நீட்டுகிறது? மூன்று வகையினரையும் பிடிக்கிறதா, பக்கத்தில் நிற்கும் நிரந்தர உத்தியோகத்தரோடு நின்றுவிடுகிறதா? இலக்கணம் சொல்லாது. சாதாரணமாக வாசிப்பவர் மூவருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அதே நிபந்தனை எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் வருவதால் அங்கே கேள்வி தலைகீழாகும்: அது கடைசியில் நிற்கும் அமைய ஊழியரை மட்டும் பிடிக்கிறதா, பின்னோக்கி நிரந்தரமானவர் வரை போகிறதா?

தனியாக வாசித்தால் இரண்டு வசனமும் மயக்கம் தருபவை. சேர்த்து வாசித்தால் பல சமயம் மயக்கம் தீரும். நம் மாதிரியின் ஆங்கிலப் பிரதியில் நிரந்தரமானவர்களுக்கு ‘ஒபிசர்’ என்று ஒரு சொல், அதன்பின் ஒரு காற்புள்ளி. தற்காலிக, அமைய ஆட்களுக்கு ‘எம்ப்ளோயி’ என்று வேறு சொல், அதை ஒட்டி நிபந்தனை. அதாவது எழுதியவர் ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டாவது கூட்டத்துக்கு மட்டும் நிபந்தனையைக் கட்டியிருக்கிறார். தமிழாக்கியவர் எல்லாரையும் ‘உத்தியோகத்தர்’ என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்; பிரிவு அழிந்துவிட்டது. இந்த இடத்தில் ஆங்கிலச் சாட்சி தெளிவானது. கவனமான தமிழாக்கம் என்றால், “நிரந்தர உத்தியோகத்தர்களுக்கும், 180 நாள் தொடர்ச்சியான சேவையைப் பூர்த்தி செய்த தற்காலிக, அமைய ஊழியர்களுக்கும்” என்று இரண்டு ‘உம்’ போட்டிருக்கும். அப்படி வந்தால் சந்தேகத்துக்கு இடமேயில்லை. தமிழின் ‘உம்’ போல எல்லை காட்டும் வேலிக்கதியால் ஆங்கிலத்தில் கிடையாது. தமிழ்ப் பிரதியில் ‘உம்’ எங்கே விழுகிறது என்று பென்சிலால் வட்டமிடுவது என் பழக்கம்.

‘ஸ்டாஃப்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். தலைப்பில் அது அலுவலகத்திலுள்ள எல்லாரையும் குறிக்கலாம். ஆனால் ‘ஸ்டாஃப் ஒபிசர்’ என்றால் பதவிநிலை உத்தியோகத்தர். அது ஒரு தரம், எல்லாரும் அதற்குள் வரமாட்டார்கள். அவசரத்தில் மொழிபெயர்த்தவர் ‘ஸ்டாஃப்’ என்று வருமிடமெல்லாம் ‘பதவிநிலை’ என்று போட்டுவிட்டால், அலுவலக உதவியாளரும் சாரதியும் தமிழில் காணாமற் போய்விடுவார்கள். சம்பளக் குறியீடு தரப்பட்டிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எம்.என். 02-2016’ என்றால் எந்த மொழியிலும் அது உங்கள் சேவைதான். பதவிப்பெயர் மொழிக்கு மொழி சறுக்கும், குறியீடு சறுக்காது.

ஆட்களைப் பற்றி இன்னொன்று, சுருக்கமாக. முதற்பக்கத்தில் சுற்றறிக்கை யாருக்கு முகவரியிடப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசோடு சேர்ந்தது. உங்களுக்குப் பக்கத்து வளவில் இருக்கும் மாகாணத் திணைக்களத்துக்குப் பிரதம செயலாளர் ஊடாக வர வேண்டும். கூட்டுத்தாபனங்களுக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் சுற்றறிக்கைகள் வேறாக இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு மானியங்கள் ஆணைக்குழு. ‘எங்கள் அவருக்குக் கிடைத்ததே, எனக்கு ஏன் இல்லை’ என்று நல்லூர்த் தேரடியில் நின்று யாராவது கேட்டால், பதில் பெரும்பாலும் அந்த முகவரி வரியில்தான் இருக்கும்.

மாறிய உரித்து மூன்றாவது. தலைப்பில் நான் வைத்ததும் அதுதான். ‘2,000 ரூபாவினால் அதிகரிக்கப்படும்’ என்றால் 1,500உடன் 2,000 சேர்ந்து 3,500. ‘2,000 ரூபாவாக அதிகரிக்கப்படும்’ என்றால் மொத்தமே 2,000, உயர்வு 500. தமிழில் ஒரு வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் ‘பை’, ‘டு’ என்ற இரண்டு எழுத்துச் சொற்கள். தட்டச்சில் பிழைப்பதற்கு இதைவிட இலேசான இடம் கிடையாது. ஆளுக்கு மாதம் 1,500 ரூபா வித்தியாசம். 12 பேர் உள்ள ஒரு கிளையில் ஒன்பது மாதம் கவனிக்காமல் போனால் 162,000 ரூபா. கணக்காய்வு ஐயவினா வரும்போது அது கூடக் கொடுத்த காசாக இருந்தால், ஒன்பது மாதத்துக்குப் பிறகு சம்பளத்தில் வெட்டுவதை யாரும் சிரித்துக்கொண்டு ஏற்கமாட்டார்கள்.

எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாளுக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாதிரியின் ஐந்தாம் பந்தி, மூன்று மாத நிலுவை 6,000 ரூபா என்கிறது. மாதம் 2,000 கூடினால் மூன்று மாதத்துக்கு 6,000. மாதம் 500 கூடினால் 1,500தான். இரண்டு பிரதியிலும் ஐந்தாம் பந்தியில் 6,000 என்றே இருக்கிறது. ஆகவே ‘ஆல்’ சரி, ஆங்கிலத்தின் ‘டு’ பிழை. தமிழ்ச் சாட்சி வென்றது. சொற்கள் மொழிபெயர்க்கப்படும், இலக்கங்கள் பார்த்து எழுதப்படும். அதனால்தான் முரண்பாடு வந்தால் பின்னிணைப்பிலுள்ள அட்டவணைக்கும் உதாரணக் கணக்குக்கும் நான் முதலில் போவேன். அவை இல்லாவிட்டால் பழைய சுற்றறிக்கையை எடுத்து, பழைய தொகைக்கும் புதிய தொகைக்கும் உள்ள உறவைப் பார்ப்பேன். பழைய தொகை 2,500 ஆக இருந்திருந்தால் ‘2,000ஆக அதிகரிப்பு’ என்பது அபத்தம் என்று உடனே தெரிந்திருக்கும்.

‘வரை’ என்ற சொல்லும் இதே குடும்பம். ‘5,000 ரூபா வரை’ என்றால் அது உச்சம். ஐயாயிரமும் கிடைக்கும் என்று உங்கள் பக்கத்தில் எழுதக்கூடாது. ‘வழங்கலாம்’ என்பதும் ‘வழங்கப்படல் வேண்டும்’ என்பதும் அப்படித்தான். முதலாவது திணைக்களத் தலைவரின் கையில் விடப்பட்டது, இரண்டாவது விடப்படவில்லை. சுருக்கத்தில் இரண்டையும் ‘வழங்கப்படும்’ என்று எழுதுவது எங்கள் கிளைகளின் பழைய வியாதி.

இப்போது மிஞ்சியிருப்பது, ஆங்கிலத்தில் மட்டும் உள்ள அந்தத் துண்டு: ‘2025.01.01 அன்று உள்ளவாறு’. இதன் பாரம், ஒரு ஆளை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் அலுவலகத்தில் 2024.09.02 அன்று சேர்ந்த ஒரு அமைய ஊழியர் இருக்கிறார் என்று வையுங்கள். சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ணினால் செப்டெம்பரில் 29, ஒக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 31: ஆண்டு முடிய 121 நாள். சனவரி முடிய 152, பெப்ரவரி 28 அன்று சரியாக 180. ஆங்கிலத்தின்படி வாசித்தால் சனவரி 1 அன்று அவருக்கு 122 நாள்தான். அவர் வெளியே, இந்தச் சுற்றறிக்கையின் கீழ் எப்போதும் வெளியே. தமிழின்படி வாசித்தால் 180 நாள் முடிந்த மறுநாள், 2025.03.01 முதல் அவர் உள்ளே. ஒரு தொடர் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு மனிதருடைய கொடுப்பனவு தொங்குகிறது. தாளுக்குள் இதைத் தீர்க்கும் கணக்கு எதுவும் இல்லை. ஐந்தாம் பந்தி ஏற்கெனவே பெற்றுவருபவர்களைப் பற்றியது. புதிதாக வருபவரைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இதே மாதிரி ஒரு இடத்தில் நான் ஒருமுறை நானே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்பது வேண்டாம். ஒரு காவலாளிக்கு இரக்கப்பட்டு, தமிழ்ப் பிரதி அனுமதிக்கிறது என்று எழுதி, காசும் போய்விட்டது. ஒன்றரை ஆண்டு கழித்து ஐயவினா வந்தது. அமைச்சு ஆங்கிலப் பிரதியின் பக்கம் நின்றது. அவர் சம்பளத்தில் தவணை தவணையாக வெட்டினோம். அந்த மனிதர் என்னைக் கண்டால் ‘ஐயா’ என்று எழும்பி நிற்பதை மட்டும் விடவில்லை. அதுதான் எனக்குக் கூடச் சுட்டது.

ஆகவே இங்கே முதலில் சிங்களப் பிரதியை எடுத்து, சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒருவரிடம் அந்த ஒரு வசனத்தை மட்டும் காட்டுங்கள். முழுவதையும் மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டால் அவர் நாளைக்கு என்பார். ‘இந்த வசனத்தில் சனவரி முதலாம் திகதி இருக்கிறதா’ என்று கேட்டால் நின்ற நிலையில் சொல்லிவிடுவார். சிங்களத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தாலும் அதை வைத்துக் காசைக் கொடுத்துவிட வேண்டாம். அது உங்கள் கடிதத்துக்கான ஆதாரம். திணைக்களத் தலைவரின் கையொப்பத்துடன் அமைச்சுக்கு விளக்கம் கேட்டு எழுதுங்கள். கடிதத்தில் இரண்டு வசனத்தையும் அப்படியே எடுத்து எழுதி, அந்த ஊழியரின் நியமனத் திகதியைத் தந்து, ‘இவருக்கு உரித்து உண்டா’ என்று ஒரே கேள்வி கேளுங்கள். ‘சுற்றறிக்கை தெளிவாக இல்லை, அறிவுறுத்தவும்’ என்று எழுதினால் அதே சுற்றறிக்கையின் பிரதி ஒன்றுதான் திரும்பி வரும். பதில் வரும்வரை சந்தேகம் இல்லாதவர்களின் கொடுப்பனவை நிறுத்தி வைக்க வேண்டாம். சந்தேகத்திலுள்ளவரின் பெயரை மட்டும் தனித் தாளில் வைத்திருங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தொடங்குவது சுற்றறிக்கையிலிருந்து அல்ல, ஆளணிப் பட்டியலிலிருந்து. விளிம்பில் நிற்கும் மூன்று பேரைப் பொறுக்கி எடுப்பேன்: அண்மையில் வெளியே போன ஒருவர், அண்மையில் உள்ளே வந்த ஒருவர், நிரந்தரம் அல்லாத ஒருவர். அந்த மூவரின் திகதிகளையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு சுற்றறிக்கையை வாசிப்பேன். நடுவில் நிற்கும் ஐம்பது பேருக்கும் எந்த வாசிப்பிலும் ஒரே விடைதான் வரும். அவர்களை வைத்துச் சோதித்தால் பிழை அகப்படாது. நம் மாதிரியில் பெப்ரவரி 10இல் ஓய்வுபெற்றவர் திகதியைச் சோதித்தார். செப்டெம்பரில் சேர்ந்த அமைய ஊழியர் ‘உள்ளவாறு’ என்பதைச் சோதித்தார். 2024.11.18 அன்று நியமனம் பெற்ற நிரந்தர உத்தியோகத்தர் ஒருவரையும் நிறுத்திப் பாருங்கள்: ஆங்கிலத்தின்படி அவருக்குச் சனவரி 1 முதல் உண்டு, தமிழைச் சாதாரணமாக வாசித்தால் 180 நாள் 2025.05.16இல்தான் முடிகிறது, ஆகவே மே 17 முதல்தான். ‘உத்தியோகத்தர்’ என்ற குடை எவ்வளவு பேரை நனைக்கிறது என்று அப்போது தெரியும்.

உங்கள் ஒரு பக்கத்தில் கடைசியாக இன்னொரு வரி வேண்டும்: ‘எதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும்’. ஒரு சுற்றறிக்கைக்குப் பின்னால் அதே இலக்கத்தோடு அடைப்புக்குள் ரோம இலக்கம் போட்டுத் திருத்தங்கள் வரும். 03/2016க்கு அப்படித் தொடர்ந்து வந்தன. திருத்தம் பழையதை முழுவதும் இரத்துச் செய்கிறதா, ஒரு பந்தியை மட்டும் மாற்றுகிறதா என்பதை அதிலேயே தேடிப் பாருங்கள். ஒரு பந்தி மட்டும் மாறினால் உங்கள் பழைய பக்கத்தைக் கிழித்து எறிய வேண்டாம். மாறிய வரியின் மேல் ஒரு கோடு போட்டு, புதிய இலக்கத்தையும் திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள். இடையில் ஓய்வுபெற்றுப் போனவருக்குக் கோட்டுக்குக் கீழே தெரியும் அந்தப் பழைய வரிதான் பொருந்தும்.

இந்த முறை விடுபட்டவரின் நிலுவைக்கு, அவர் சுயவிபரக் கோவையில் கடைசிச் சம்பள விபரத்தை எடுத்து, மூன்றாம் பந்தியையும் ஐந்தாம் பந்தியையும் போல உங்கள் சுற்றறிக்கையில் உள்ள இரண்டு பந்திகளின் இலக்கத்தையும் குறிப்பிட்டு, இன்றைக்கே கணக்காளருக்கு ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள். அவருடைய ஓய்வூதியம் தயாரித்த சம்பளத்தோடு இந்தத் தொகைக்குத் தொடர்பு உண்டா என்றும் அதே குறிப்பில் கேளுங்கள். கொடுப்பனவு என்றால் பெரும்பாலும் இருக்காது. மாறியது அடிப்படைச் சம்பளம் என்றால் அவருடைய ஓய்வூதியக் கணக்கையே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.